ரெக்கவரி கீ கேட்ட லேப்டாப்

எங்கள் கடையில் பயாஸ் அப்டேட் செய்து லேப்டாப்பை ஆன் செய்ததும், நீலத் திரையில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீ கேட்டது. "தம்பி, பிள்ளையோட போட்டோ எல்லாம் போச்சா?" அந்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எதுவும் அழியலைக்கா. பயாஸ் மாறினதால உள்ளே இருக்கிற டிபிஎம் சிப் டிஸ்க்கைத் தானாத் திறக்க மாட்டேங்குது. சாவி மட்டும்தான் வேணும்."

திரையில் இருந்த கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளைக் குறித்துக்கொண்டேன். அவர் போனிலேயே aka.ms/myrecoverykey திறந்து, தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தார். அங்கே இரண்டு கீகள்; ஒன்று பழைய லேப்டாப்புடையது. ஐடி பொருந்திய கீயின் 48 இலக்கங்களை அவர் நிதானமாக வாசிக்க, நான் அடித்தேன். விண்டோஸ் திறந்தது, போட்டோக்கள் அப்படியே இருந்தன.

கீ எங்குமே இல்லையென்றால் எந்தக் கடையாலும் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது. அவசரப்பட்டு ரீசெட் கொடுத்தால்தான் எல்லாம் அழியும். அப்புறம் அந்தக் கீயைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.