ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர், எந்த இடத்தில்? ஐந்து பேர் சேர்ந்த ஓர் ஆய்வை வைத்துப் படிப்படியாக

ஆய்வு முடியும் தறுவாயில்தான் பெயர் வரிசைப் பேச்சு எழும். அது தாமதம். கேள்விக்கொத்து தயாராகிக்கொண்டிருக்கும் வாரத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதி, திகதி போட்டு, எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் பேசியதை நம்ப வேண்டாம். ஆறு மாதம் கழித்து அதைத் தேடி எடுப்பதே தனி வேலையாகிவிடும்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் 300 வீடுகளில் டெங்கு நுளம்பு பெருகும் இடங்களைத் தேடிப் பார்க்கிறார்கள். முதுதத்துவமாணி மாணவி ஒருவர் கேள்விக்கொத்தை எழுதினார், களத்துக்கும் போனார், முதல் வரைவும் அவருடையது. ஆய்வு உதவியாளர் பாதி வீடுகளைப் பார்த்தார். பூட்டிக் கிடந்த வீடுகளுக்குத் திரும்பப் போனார், தரவைக் கணினியில் ஏற்றிப் பிழை திருத்தினார். புள்ளிவிபரவியலாளர் பகுப்பாய்வைச் செய்தார். சிரேஷ்ட விரிவுரையாளர் எண்ணத்தைக் கொடுத்து, வடிவமைத்து, நிதி பெற்று, வரைவைத் திருத்தினார். திணைக்களத் தலைவர் வாகனமும் அனுமதிக் கடிதமும் தந்தார்.

படி 1: உள்ளே யார், வெளியே யார்

வரிசையைப் பிறகு பார்க்கலாம். மருத்துவ இதழ்களில் பெரும்பாலானவை மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ-யின் நான்கு நிபந்தனைகளைக் கேட்கின்றன. எண்ணம், வடிவமைப்பு, தரவுத் திரட்டல், பகுப்பாய்வு, விளக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் கணிசமான பங்கு இருக்க வேண்டும். வரைவை எழுதியிருக்க வேண்டும், அல்லது உள்ளடக்கம் மாறும் அளவுக்குத் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். கட்டுரையைப் பற்றிக் கேள்வி வந்தால் பொறுப்பேற்க வேண்டும். நான்கில் ஒன்று போதாது, நான்கும் வேண்டும்.

இதன்படி திணைக்களத் தலைவர் நன்றியுரைக்குப் போகிறார். வாகனம், நிதி, பொதுவான மேற்பார்வை ஆகியவை மட்டும் ஒருவரை ஆசிரியராக்காது. அவர் பெயரைச் சேர்க்காவிட்டால் சங்கடம் என்று தோன்றினால், வரைவை அனுப்பி, “இதில் எந்தப் பகுதிக்கு நீங்கள் பொறுப்பு என்று குறிக்கட்டுமா, சேர்?” என்று பணிவாகக் கேளுங்கள். நன்றியுரையில் பெயர் போடுவதற்கும் அவரது எழுத்துமூல அனுமதியைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பெரும்பாலானோர் சறுக்கும் இடம்

ஆய்வு உதவியாளரைப் பாருங்கள். களப்பணி முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது, யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார். வரைவை யாரும் அவருக்கு அனுப்பவில்லை. கட்டுரை அனுப்பும் நாளில், “அவர் எழுதவில்லையே, இரண்டாம் நிபந்தனை நிறைவேறவில்லை, நன்றியுரையில் போட்டால் போதும்” என்று ஒருவர் சொல்வார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் விதி அப்படிச் சொல்லவில்லை. முதலாம் நிபந்தனையை நிறைவேற்றிய ஒவ்வொருவருக்கும் வரைவில் பங்கெடுக்கவும் திருத்தவும் சம்மதம் சொல்லவும் வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. ஒருவரை வெட்டிவிடுவதற்கு அந்த நிபந்தனைகளைப் பயன்படுத்தக் கூடாது.

சரி, “கணிசமான” பங்கு என்றால் எவ்வளவு? இதற்கு அளவுகோல் கிடையாது. நான் பார்ப்பது இதைத்தான்: அவர் எடுத்த முடிவுகளால் தரவு மாறியதா? கொடுத்த படிவத்தை நிரப்பி ஒப்படைத்தவர் நன்றியுரைக்கு உரியவர். பூட்டிய வீட்டை எத்தனை முறை பார்ப்பது, கூரைப் பீலியில் தேங்கிய தண்ணீரை எந்த வகையில் பதிவது என்று தீர்மானித்தவர் ஆசிரியராகத் தகுந்தவர். நம் உதவியாளர் இரண்டாம் வகை.

ஆகவே வரைவை அனுப்புங்கள். 14 நாள் அவகாசம் கொடுங்கள். “பார்த்துச் சொல்லுங்கள்” என்று மொட்டையாக எழுதாமல், செய்முறைப் பகுதியில் தரவு சேகரித்த பந்தியை அவரே சரிபார்த்துத் திருத்தும்படி கேளுங்கள். அவருக்கு மட்டுமே தெரிந்த விடயங்கள் அங்கேதான் இருக்கும். பதில் வராவிட்டால் தொலைபேசியில் பிடியுங்கள். சம்மதமில்லாமல் பெயரைப் போடவும் கூடாது, சத்தமில்லாமல் எடுத்துவிடவும் கூடாது. கடைசிவரை ஆளைப் பிடிக்க முடியாவிட்டால், அனுப்புவதற்கு முன்பே இதழின் பதிப்பாசிரியருக்கு எழுதிக் கேளுங்கள்.

படி 3: வரிசை

நான்கு பேர் மிஞ்சினார்கள். மருத்துவ, உயிரியல் துறைகளில் வேலையையும் எழுத்தையும் அதிகம் சுமந்தவர் முதலில், மூத்த மேற்பார்வையாளர் கடைசியில் என்பது வழக்கம். அதனால் மாணவி முதல், விரிவுரையாளர் கடைசி. கணிதத்திலும் பொருளியலிலும் அகரவரிசைதான் பெரும்பாலும். அங்கே கடைசி இடத்துக்குத் தனி அர்த்தம் இல்லை. வேறு துறைக்காரர் குழுவில் இருந்தால் இதை முதல் கூட்டத்திலேயே கதைத்துவிடுங்கள்.

இழுபறி நடுவில்தான். உதவியாளரா, புள்ளிவிபரவியலாளரா இரண்டாவது? பகுப்பாய்வு வழமையான ஒன்றாக இருந்தால் உதவியாளரை முன்னால் போடலாம். ஒரே வீட்டில் பல பாத்திரங்கள் இருப்பதைக் கணக்கில் எடுக்கும் மாதிரியைப் புள்ளிவிபரவியலாளரே தெரிந்தெடுத்து, முடிவுகள் பகுதியையும் எழுதியிருந்தால் அவர் முன்னால். இங்கே அப்படித்தான் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். “முதல் இருவரும் சமபங்கு” என்று நட்சத்திரக் குறி போடும் சமாதானம் எனக்குப் பிடிக்காது. மேற்கோள் காட்டும்போது முதல் பெயர்தான் நிற்கும், நட்சத்திரம் கூடப் போகாது. உண்மையிலேயே சமமாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

படி 4: பங்களிப்பு வாசகம்

கிரெடிட் என்ற பட்டியலில் 14 பங்குகள் உள்ளன. 2022இல் அது அமெரிக்கத் தர நியமமாகவும் ஆனது. இது யார் ஆசிரியர் என்று தீர்மானிக்கும் பட்டியல் இல்லை. படி 1 முடிந்த பிறகு, யார் என்ன செய்தார் என்று சொல்வதற்கு மட்டும்.

கூகிள் ஷீட்டில் 14 வரிசை, ஆளுக்கொரு நிரல். ஆனால் எல்லோரும் ஒரே தாளில் நிரப்ப வேண்டாம், மூத்தவர் போட்டதைப் பார்த்து இளையவர் தன்னுடையதைக் குறைத்துவிடுவார். தனித்தனியாக நிரப்பி அனுப்பட்டும், பிறகு சேருங்கள். ஒரே பங்குக்கு இரண்டு பேர் “முதன்மை” என்று போட்டிருந்தால் அந்த ஒன்றை மட்டும் பேசித் தீர்த்தால் போதும். நம் ஆய்வில் S.A. மாணவி, T.N. புள்ளிவிபரவியலாளர், M.R. உதவியாளர், K.V. விரிவுரையாளர்:

```
S.A.: Investigation (equal), Writing – original draft (lead)
T.N.: Methodology (supporting), Formal analysis (lead),
  Writing – original draft (supporting)
M.R.: Investigation (equal), Data curation (lead),
  Writing – review & editing (supporting)
K.V.: Conceptualization (lead), Methodology (lead),
  Funding acquisition, Supervision,
  Writing – review & editing (lead)
```

14ஐயும் நிரப்ப வேண்டியதில்லை. எல்லோருக்கும் எல்லாப் பங்கும் போட்ட வாசகம் எதையும் சொல்லாது. அடிக்கடி குழம்புவது M.R.-இன் பகுதி. களத்தில் தரவு திரட்டுவது Investigation. திரட்டியதைச் சுத்தம்செய்து, குறியிட்டு, பிறர் பயன்படுத்தும்படி வைப்பது Data curation. உதவியாளர் இரண்டையும் செய்தால் இரண்டையும் எழுதுங்கள். இரண்டாவது அநேகமாக விடுபட்டுப்போகிறது.

பின்சேர்க்கை

இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் சேர்க்கிறேன்.

ஒன்று, நம் பெயர்களில் முதலெழுத்து மோதல். இரண்டு பேருக்கும் S.K. வந்தால் இருவரின் பெயரையும் முழுதாக எழுதுங்கள். இணையப் படிவத்தில் குடும்பப் பெயர்ப் பெட்டியில் தந்தை பெயரா, சொந்தப் பெயரா என்பதை ஒருமுறை முடிவுசெய்து, ORCID என்ற ஆய்வாளர் அடையாளக் கணக்கிலும் அப்படியே வையுங்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் மாற்றினால் தேடுதளங்கள் உங்களை இரண்டு ஆட்களாகக் காட்டும்.

மற்றது, மதிப்பீட்டாளர் கேட்ட புதிய பகுப்பாய்வை வெளியாள் ஒருவர் செய்துதந்தால் பெயரைச் சேர்க்கலாமா என்பது. சேர்க்கலாம், அவர் நான்கு நிபந்தனைகளையும் நிறைவேற்றினால். ஆனால் புதியவர் உட்பட எல்லோரும் எழுத்தில் சம்மதித்து, காரணத்தைப் பதிப்பாசிரியருக்கு அனுப்ப வேண்டும். பெயரை நீக்கும்போதும் இதே முறைதான், நீக்கப்படுபவரின் சம்மதமும் வேண்டும். முதலில் அனுப்பிய அந்த ஒரு பக்க மின்னஞ்சலையும் புதுத் திகதியோடு திருத்தி மறுபடி அனுப்புங்கள்.