கேட்டில் செக்யூரிட்டியிடம் பேசும்போது செய்யக்கூடாதவை

ஓஎம்ஆர் பக்கம் நானூறு வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. இரவு எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், நண்பரைப் பார்க்க பைக்கில் போகிறீர்கள். பலர் கேட் முன்னால் ஹாரன் அடித்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே "வாட்ச்மேன், டி பிளாக் எங்க?" என்பார்கள். முகம் தெரியாதவரை உள்ளே விட்டால் செக்யூரிட்டிதான் பதில் சொல்ல வேண்டும். வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, "வணக்கம் அண்ணே" என்று தொடங்குங்கள். வயதானவர் என்றால் ஐயா, பெண் என்றால் அக்கா. எதுவும் தோன்றாவிட்டால் சார். உங்களைவிடச் சின்னவராக இருந்தாலும் எடுத்த எடுப்பில் "நீ" வேண்டாம்.

அடுத்த தவறு, "செந்தில் வீட்டுக்கு" என்று மட்டும் சொல்வது. பல இடங்களில் செக்யூரிட்டி கையில் இருக்கும் பட்டியலில் வீட்டு உரிமையாளர் பெயர்தான் இருக்கும். உங்கள் நண்பர் வாடகைக்கு இருந்தால் அந்தப் பெயரே அதில் இருக்காது. "அப்படி யாரும் இல்லையே" என்பார், நீங்கள் கோபப்படுவீர்கள். அதனால் பிளாக், வீட்டு எண், பிறகு பெயர்: "டி பிளாக், 304, செந்தில் வீட்டுக்கு வந்திருக்கேன். என் பேரு முரளி. இன்டர்காம்ல கேட்டுப் பாருங்க." சாலை இரைச்சலில் பியும் டியும் ஒன்றாகவே கேட்கும், "டெல்லி டி" என்று சேர்த்துச் சொல்லுங்கள். இன்டர்காமை யாரும் எடுக்கவில்லை என்றால் வாதாடாமல், நண்பரை உங்கள் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் நீட்டுங்கள். வருபவர்களை அனுமதிக்கச் செயலி வைத்திருக்கும் குடியிருப்பு என்றால், கிளம்பும் முன்பே நண்பரிடம் நுழைவுக் குறியீட்டை வாங்கிவிடுவது இன்னும் சுலபம்.

"காலையிலேயே சொல்லியாச்சே" என்பதும் எடுபடாது. பல இடங்களில் எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்; காலையில் இருந்தவர் வந்தவரிடம் சொல்லியிருப்பார் என்று நம்ப முடியாது. அந்த நேரத்தில் போனால் இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லத் தயாராக இருங்கள்.

அசாம், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் இந்த வேலையில் நிறையப் பேர். தமிழ் புரியவில்லை என்றால் நம் ஆட்கள் குரலை உயர்த்துவார்கள். சத்தம் கூடினால் மொழி வந்துவிடாது. பிளாக்கையும் எண்ணையும் போனில் எழுதிக் காட்டினால் போதும். "நான் யாரு தெரியுமா" என்பதை எந்த மொழியிலும் சொல்ல வேண்டாம்.

வழி மட்டும் கேட்க வந்தவர்கள், கேட்டை மறித்து வண்டியை நிறுத்தாதீர்கள். செக்யூரிட்டிக்கு அந்த வளாகம்தான் தெரியும், அடுத்த தெருவின் பெயர் தெரியாமல் இருக்கலாம். "பக்கத்துல பெருமாள் கோயில் எங்கண்ணே இருக்கு?" என்று அடையாளம் சொல்லிக் கேட்டால் பதில் கிடைக்கும். கூட வந்து காட்டச் சொல்லாதீர்கள்; கேட்டை விட்டு நகர்ந்தால் அவருக்குத் திட்டு விழும்.

ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு உள்ளே போனவர்கள், திரும்பும்போது வெளியேறிய நேரத்தையும் எழுத வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், ராத்திரி உங்கள் நண்பர் வீட்டு இன்டர்காம்தான் அடிக்கும்.