அந்திவான போஸ்டர்: நடுவானம் ஏன் சேறாகிறது?

புகைப்படத்தில் தகதகவென்று இருந்த அந்திவானம், கணினியில் போஸ்டராக வரையும்போது ஏழு வண்ணப் பட்டைகளாக மாறியதும் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும். மலையும் சூரியனும் சரியாகவே இருக்கும், கெட்டுப்போவது நடுவானம்தான்.

காரணம் எளிது. தொடுவானத்தில் ஆரஞ்சு, உச்சியில் நீலம் என இரண்டே நிறங்களை எடுத்துக்கொண்டு, இடைப்பட்டதை மென்பொருளே நிரப்பட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஆரஞ்சு `#F28C38`, நீலம் `#2B4A7F` என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றின் சரிநடுவில் வரும் நிறம் `#8F6B5C`. போட்டுப் பாருங்கள், செங்கல் தூளில் சாம்பல் கலந்தமாதிரி ஒரு பழுப்பு. ஆரஞ்சும் நீலமும் எதிரெதிர் நிறங்கள் என்பதால் கலக்கும்போது ஒன்றின் பளிச்சை மற்றது தின்றுவிடுகிறது.

நிஜ வானம் ஆரஞ்சிலிருந்து நேராக நீலத்துக்குத் தாவுவதில்லை. இடையில் ஒரு இளஞ்சிவப்பு வழியாகப் போகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் அது மெல்லிய கீற்றாகத் தெரியும். அதை எடுத்து, உதாரணமாக `#E58A86`, நான்காவது பட்டையாக வையுங்கள். ஆரஞ்சுக்கும் அதற்கும் நடுவே இரண்டு, அதற்கும் நீலத்துக்கும் நடுவே இரண்டு. மொத்தம் ஏழு. மேல்பாதியில் பழுப்புக்குப் பதில் மங்கலான ஊதா வரும்.

நிறம் எடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஐட்ராப்பர் ஒரே ஒரு பிக்சலைப் படித்தால், படத்தின் இரைச்சலில் சிக்கிய ஏதோ ஒரு புள்ளி கிடைக்கும். ஃபோட்டோஷாப்பில் Sample Size என்பதை 5 by 5 Average ஆக்கிவிடுங்கள். சூரியனிலிருந்து மட்டும் நிறம் எடுக்காதீர்கள். கேமராவில் அது வெளுத்துப்போன வெள்ளைதான். வெளிர்மஞ்சளை நீங்களே கொடுங்கள், பின்னால் உள்ள பட்டையைவிட அது தெளிவாக வெளிச்சமாக இருந்தால் போதும்.

பட்டைகளை ஒரே உயரத்தில் வெட்டினால் வானம் கோடு போட்ட துணிபோல் ஆகிவிடும். தொடுவானத்தை ஒட்டி நிறம் வேகமாக மாறுகிறது, மேலே மெதுவாக. ஆகவே கீழே குறுகலாகவும் மேலே போகப்போக அகலமாகவும் விடுங்கள்.

மலைக்குக் கறுப்பை எடுக்கக் கை நீளும். முன்மலைக்கு அடர் ஊதாவே போதும். தூரத்து மலை, அதன் பின்னுள்ள பட்டையின் நிறத்திலேயே சற்று அடர்த்தி கூட்டியது. இரண்டுக்கும் ஒரே நிறம் கொடுத்தால் ஆழம் செத்துப்போகும்.

கடைசியாக ஒரு எரிச்சல்: பட்டைகளை விளிம்போடு விளிம்பாக ஒட்டவைத்தால், ஏற்றுமதி செய்த படத்தில் மயிரிழைபோல் வெள்ளைக் கோடுகள் தெரியலாம். அச்சுப்பிழை என்று நினைத்து ஒருநாள் முழுக்கத் தேடியிருக்கிறேன். ஒவ்வொரு பட்டையையும் அதன் மேல்விளிம்பிலிருந்து படத்தின் அடிவரை நீட்டி, கீழ்ப்பட்டையை மேலடுக்கில் வைத்துவிட்டால் இடைவெளிக்கே இடமில்லை.