போட்ட பணம் எப்போது திரும்பும்? பேபேக் கணக்கைப் போடும் முறை

திருப்பூர்ப் பக்கம் சிறு தையல் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் 5,00,000 ரூபாய் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். அதைக் கொண்டு அவர் ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்கலாம், அல்லது கூரையில் 10 கிலோவாட் சோலார் போடலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை.

முதல் படி: ஆண்டுவாரியாகக் கைக்கு வரும் பணத்தை எழுதுங்கள். இங்கே வேண்டியது கணக்குப் புத்தகத்து லாபம் அல்ல, ரொக்கம். தேய்மானத்தைக் கழித்த லாபத்தை எடுத்தால், அந்தத் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டிவிட வேண்டும்; ஏனெனில் மெஷினுக்கான பணம் முதல் நாளே போய்விட்டது. நூல், கூலி, மின்சாரம் போக மெஷின் தருவது முறையே 2,00,000, 1,75,000, 1,50,000, 1,00,000, 75,000 ரூபாய். ஐந்தாம் ஆண்டோடு அதன் வேலை முடிகிறது என்று வைப்போம்.

இரண்டாம் படி: வரவைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். இரண்டு ஆண்டுகளில் 3,75,000 வந்துவிடுகிறது. மீதி 1,25,000 ரூபாயை மூன்றாம் ஆண்டின் 1,50,000 ஆல் வகுத்தால் 0.83. ஆக, பேபேக் காலம் 2.83 ஆண்டுகள், அதாவது 2 ஆண்டு 10 மாதம். ஆண்டு முழுவதும் பணம் சீராக வருகிறது என்ற அனுமானம் இந்த மாதக் கணக்குக்குள் இருக்கிறது. தீபாவளி ஆர்டரை நம்பிய பட்டறைக்கு அது அப்படியே பொருந்தாது.

மூன்றாம் படி: ஒவ்வொரு வரவையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவாருங்கள். இதுதான் டிஸ்கவுண்ட் செய்த பேபேக். ஓராண்டு கழித்து வரும் ரூபாய்க்கு இன்று கையில் இருக்கும் ரூபாயைவிட மதிப்புக் குறைவு; அந்தக் குறைவைக் கணக்கிடும் விகிதம், அதாவது பணத்தின் விலை, ஆண்டுக்கு 10% என்று கொள்வோம். எக்செலில் A பத்தியில் ஆண்டு, B பத்தியில் வரவு, E1 இல் விகிதம் இருந்தால்:

```
=B2/(1+$E$1)^A2
```

இன்றைய மதிப்பில் மெஷினின் வரவுகள் ஏறத்தாழ 1,81,800, 1,44,600, 1,12,700, 68,300, 46,600 ஆகின்றன. முதல் மூன்றையும் கூட்டினால் 4,39,100 தான் வருகிறது. குறைகிற 60,900 ரூபாயை நான்காம் ஆண்டின் 68,300 ஆல் வகுக்க 0.89, எனவே காலம் சுமார் 3 ஆண்டு 11 மாதம். பட்டறைக்காரர் கடன் வாங்கியிருந்தால், வட்டியை வரவிலிருந்து கழித்துவிட்டுப் பிறகு டிஸ்கவுண்டும் செய்யக் கூடாது. பணத்தின் விலை அந்த 10 சதவீதத்துக்குள்ளேயே இருப்பதால், அது ஒரே செலவை இருமுறை கழித்ததாகிவிடும்.

இந்த மூன்றாம் படியைச் சோம்பலால் விட்டுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மூன்றாம் ஆண்டிலிருந்து ஆர்டர் பாதியாகக் குறைந்து, வரவு 75,000, 50,000, 37,500 என்று ஆகிவிட்டதாக வையுங்கள். சாதாரண பேபேக் சரியாக 4 ஆண்டு என்று காட்டும். ஐந்தாண்டு மெஷினுக்கு அது பரவாயில்லை என்றே தோன்றும். டிஸ்கவுண்ட் செய்தால் ஐந்து ஆண்டு வரவும் சேர்ந்து 4,40,200 ரூபாயைத்தான் எட்டுகிறது. போட்ட பணம் திரும்பவே இல்லை.

நான்காம் படி: மற்றொரு முதலீட்டையும் இதே அளவுகோலில் வையுங்கள். சோலார் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். யூனிட்டுக்கு 7 ரூபாய் மிச்சமானால், சுத்தம் செய்யும் செலவு போக ஆண்டுக்கு ஏறத்தாழ 1,00,000 ரூபாய். சாதாரண பேபேக் 5 ஆண்டு. டிஸ்கவுண்ட் செய்தால் 7 ஆண்டு 3 மாதம். இரண்டு கணக்கிலும் மெஷினே முந்துகிறது.

இரண்டு முறைகளுக்கும் கண் தெரியாத இடம் இங்கேதான் இருக்கிறது. பணம் திரும்பிய நாளோடு இரண்டும் எண்ணுவதை நிறுத்திவிடுகின்றன. மெஷினின் ஐந்து ஆண்டு வரவையும் இன்றைய மதிப்பில் கூட்டி முதலீட்டைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 54,000 ரூபாய். சோலாரை 20 ஆண்டு ஓட்டி, 12 ஆம் ஆண்டில் இன்வெர்ட்டர் மாற்ற 60,000 ரூபாய் ஒதுக்கினாலும் மிஞ்சுவது சுமார் 3,32,000. நிகர நிகழ்கால மதிப்பு என்பது இந்த மிச்சம்தான். அந்த இன்வெர்ட்டர் செலவும் பேபேக் கணக்கின் கண்ணில் படவில்லை என்பதைக் கவனியுங்கள். டிஸ்கவுண்ட் செய்த பேபேக் ஆயுளுக்குள் முடிந்தால் முதலீடு லாபம் என்ற விதி, அதற்குப் பிறகு பெரிய செலவு எதுவும் வராத வரையில்தான் செல்லும்.

இருந்தாலும் பேபேக்கை ஒதுக்க வேண்டியதில்லை. 20 ஆண்டு மின்கட்டணத்தை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் சில ஆண்டு வரவை ஓரளவு சொல்லலாம். கையிருப்பு குறைந்த பட்டறையில் மூன்றாம் ஆண்டு கூலி கொடுக்கப் பணம் இருக்குமா என்பதே பெரிய கேள்வி. அதற்கு நேரடியாகப் பதில் சொல்வது பேபேக். ஆகவே நிகர நிகழ்கால மதிப்பைக் கொண்டு எது நல்லது என்று பாருங்கள். எவ்வளவு காலம் பணம் முடங்கிக் கிடக்கும், அதுவரை தாக்குப்பிடிக்க முடியுமா என்பதற்குப் பேபேக்கை வையுங்கள். ஏழு ஆண்டுக் காத்திருப்பைப் பட்டறை தாங்காது என்றால், 10 கிலோவாட்டுக்குப் பதில் 5 கிலோவாட்டில் தொடங்கி, மீதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்வதும் ஒரு வழி.