ஸ்ப்ளிட்டும் போனஸும் வந்த பழைய பங்கு: அடக்க விலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கும் ஒருவர், நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டு மாடியைக் கட்டி முடிக்கப் பழைய பங்குகளை விற்க நினைத்தார். ஃபோனை என் பக்கம் திருப்பிக் காட்டி, "ஆப்ல வாங்கின விலை நாற்பது ரூபாய்னு போட்டிருக்கு சார். இப்ப நானூத்தி ஐம்பது போகுது. அப்போ பங்குக்கு நானூத்திப் பத்து ரூபாய் லாபம், அதுக்குத்தானே வரி?" என்று கேட்டார். கணக்கு பார்க்கச் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் வரிக்கு அந்த நாற்பது ரூபாய் எந்த இடத்திலும் வராது.

அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். கம்பெனி பெயர் வேண்டாம், எண்களையும் முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். 2009இல் 100 பங்குகளை, ஒன்று ₹400 வீதம், ₹40,000 கொடுத்து வாங்கினார். முகமதிப்பு ₹10. 2019இல் அந்த ₹10 பங்கு ₹2 பங்காக ஸ்ப்ளிட் ஆனது. 100 பங்கு 500 ஆயிற்று. 2024 செப்டம்பரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தார்கள். 500 பங்கு 1,000 ஆயிற்று. ₹40,000ஐ 1,000 பங்குக்கும் பகிர்ந்துதான் ஆப் நாற்பது ரூபாய் என்று காட்டுகிறது. போட்ட பணம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க அது போதும்.

வருமானவரி இந்த 1,000 பங்கையும் ஒரே குவியலாகப் பார்ப்பதில்லை. ஸ்ப்ளிட் என்பது இருந்த பங்கைச் சிறிதாக்குவது மட்டுமே. அதனால் பழைய விலை ஐந்தாகப் பிரிந்து, பங்குக்கு ₹80 ஆகிறது. வாங்கிய தேதி 2009ஆகவே இருக்கும். போனஸ் புதிதாக ஒதுக்கிய பங்கு. அதற்குப் பணம் எதுவும் கொடுக்கவில்லை என்பதால் அடக்க விலை பூஜ்யம். வைத்திருந்த காலமும் ஒதுக்கிய நாளிலிருந்துதான் தொடங்கும். போனஸ் வந்ததால் பழைய 500 பங்கின் அடக்க விலை குறையாது. ஆக, அவர் கையில் இருப்பது இரண்டு குவியல்: ₹80 அடக்கத்தில் 500 பழைய பங்கு, அடக்கமே இல்லாத 500 போனஸ் பங்கு.

பழைய குவியலுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. 2018 பிப்ரவரி 1க்கு முன் வாங்கிய பங்கு என்பதால், 2018 ஜனவரி 31 அன்று சந்தையில் எட்டிய உச்ச விலையையும் கணக்கில் சேர்க்கலாம். அந்த விலை, விற்ற விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அதையும் உண்மையில் வாங்கிய விலையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதுவே அடக்க விலை. நம் கம்பெனியின் பங்கு அன்று ₹1,500 வரை போயிருந்தது என்று கொள்வோம். அது ஸ்ப்ளிட்டுக்கு முந்தைய, பெரிய பங்கின் விலை. ஐந்தால் வகுத்தால் ₹300. விற்பது ₹450க்கு என்பதால் பழைய பங்கின் அடக்க விலை ₹300.

இப்போது 1,000 பங்கையும் ஒரே நாளில் விற்றால், பழைய 500இல் பங்குக்கு ₹150 வீதம் ₹75,000 லாபம். போனஸ் 500இல் முழு ₹450உம் லாபம், ₹2,25,000. மொத்தம் ₹3,00,000. வேறு பங்கு லாபம் இல்லையென்றால், ஒரு நிதியாண்டில் வரி இல்லாத வரம்பான ₹1,25,000ஐக் கழித்து, மீதி ₹1,75,000க்கு 12.5 சதவீதம், அதாவது ₹21,875. செஸ் தனி.

முதல் தவறு, சராசரி போடுவது. ₹1,500ஐ ஐந்தாலும் வகுத்து, போனஸுக்காக மறுபடி இரண்டாலும் வகுத்து, எல்லாப் பங்குக்கும் ₹150 என்று வைப்பார்கள். மொத்தமாக விற்கும்போது இந்தத் தவறு வெளியே தெரியாது. 1,000 பங்கில் பங்குக்கு ₹300 லாபம் என்றாலும் அதே ₹3,00,000தான் வரும். பாதியை மட்டும் விற்கும்போதுதான் குட்டு உடையும். டீமேட்டில் முதலில் வந்த பங்கே முதலில் வெளியேறியதாகக் கணக்கு. 500 பங்கு விற்றால் போவது பழைய 500. லாபம் ₹75,000 மட்டுமே, வரி இல்லை. சராசரி போட்டவருக்கு அதே விற்பனையில் ₹1,50,000 லாபம் வரும். இல்லாத ₹25,000க்கு வரி கட்டுவார். பிறகு போனஸ் பங்கை விற்கும் வருடத்தில் லாபத்தை ₹75,000 குறைத்துக் காட்டுவார். அந்த வருடம்தான் நோட்டீஸ் வர வாய்ப்பு உள்ள வருடம்.

இது புரிந்துவிட்டால் விற்பதையே திட்டமிடலாம். மஞ்சக்குப்பத்துக்காரருக்கு நான் சொன்னது இதுதான்: 2026 மார்ச்சில் 611 பங்கு விற்கலாம். பழைய 500இல் ₹75,000, போனஸில் 111 பங்குக்கு ₹49,950, ஆக ₹1,24,950 லாபம். வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. மீதி 389ஐ ஏப்ரலுக்குப் பிறகு, புதிய நிதியாண்டில் விற்றால், விலையும் விகிதமும் அப்படியே இருக்கும்பட்சத்தில் வரி சுமார் ₹6,250. கொத்தனாருக்கு ஒரு மாதம் தள்ளிப் பணம் கொடுக்க முடியும் என்றால் இது நல்ல மிச்சம். ஒரு மாதத்தில் விலை இறங்கவும் செய்யலாம் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

இரண்டாவது தவறு 2018 ஜனவரி 31 விலையில் நடக்கிறது. இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். சிலர் அன்றைய விலைப்பட்டியலில் உள்ள ₹1,500ஐ வகுக்காமல் அப்படியே எழுதிவிடுகிறார்கள். இரண்டில் குறைவானதை எடு என்ற விதி இருப்பதால், ₹1,500ஐ விட ₹450 குறைவு என்று அடக்க விலை ₹450 ஆகிவிடும். லாபம் பூஜ்யம். படிவம் எந்த எச்சரிக்கையும் தராது, கூட்டல் கழித்தலும் ஒத்துப்போகும். ஆகவே பல மடங்கு ஏறிய பழைய பங்கில் லாபம் சரியாகப் பூஜ்யம் என்று வந்தால், முதலில் ஸ்ப்ளிட்டுக்கு வகுத்தோமா என்று பாருங்கள். விலை நிஜமாகவே 2018 விலைக்குக் கீழே இறங்கியிருந்தாலும் பூஜ்யம் வரலாம். அது நியாயமான பூஜ்யம்.

இதற்கு நேர் எதிரான தவறு, ஆப்பில் உள்ள சார்ட்டிலிருந்து அன்றைய விலையை எடுப்பது. சார்ட்டுகள் பழைய விலைகளை ஸ்ப்ளிட்டுக்கும் குறைத்துத்தான் காட்டும், போனஸுக்கும் குறைத்துத்தான் காட்டும். கோடு திடீரென்று பள்ளத்தில் விழாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். நம் பங்குக்கு 2018 ஜனவரி 31இல் சார்ட் ₹150 அளவில்தான் காட்டும். ஸ்ப்ளிட்டுக்குக் குறைத்தது வரிக்கும் பொருந்தும். 2024 போனஸுக்குக் குறைத்தது பொருந்தாது. ₹150ஐ எழுதினால் பழைய 500 பங்கின் லாபம் ₹75,000க்குப் பதில் ₹1,50,000 ஆகும். மொத்தமாக விற்கும் வருடத்தில் ₹9,375 கூடுதல் வரி, யாரும் கேட்காமல் நாமே கட்டியது. பங்குச் சந்தை அன்றைக்கு வெளியிட்ட விலைப்பட்டியலைத் தேடி எடுங்கள். அதில் இருப்பது குறைக்காத அசல் விலை. அன்றைய முடிவு விலையை எடுக்காமல் உச்ச விலையை எடுக்க வேண்டும். அப்புறம், அந்த நாளுக்குப் பின் வந்த ஸ்ப்ளிட்டுக்கு மட்டும் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளுக்கு முன்பே வந்த போனஸ் என்றால் கதை வேறு. இன்ஃபோசிஸ் 2015 ஜூனிலும் 2018 செப்டம்பரிலும் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. இரண்டும் இலவசப் பங்குதான், விகிதமும் ஒன்றுதான். ஆனால் 2015 போனஸ் பங்கு 2018 ஜனவரி 31 அன்று கையில் இருந்தது. அதனால் அடக்கம் பூஜ்யமாக இருந்தாலும் அன்றைய உச்ச விலைச் சலுகை அதற்குக் கிடைக்கும். 2018 செப்டம்பர் போனஸுக்கு அது கிடையாது. போனஸ் என்றாலே பூஜ்யம் என்று மனப்பாடம் செய்தவர்கள் 2015 பங்குக்கு வீணாக வரி கட்டுகிறார்கள். பழைய பங்கோடு சேர்ந்து வந்ததுதானே என்று நினைப்பவர்கள் 2018 செப்டம்பர் பங்குக்கும் சலுகையை எழுதிவிடுகிறார்கள். போனஸ் எந்தத் தேதியில் ஒதுக்கப்பட்டது என்பதைப் பார்க்காமல் அதன் அடக்க விலையைச் சொல்லவே முடியாது.

தேதியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஸ்ப்ளிட்டில் முகமதிப்பு மாறுவதால் பங்கின் அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன் எண்ணும் மாறும். டீமேட் அறிக்கையில் பழைய எண்ணில் 100 பங்கு வெளியேறி, புதிய எண்ணில் 500 பங்கு அன்றுதான் உள்ளே வந்தது போலத் தெரியும். சில மென்பொருள்கள் அதைப் பார்த்து வாங்கிய தேதி 2019 என்று எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்தால் 2018 சலுகையே போய்விடும், ₹80தான் மிஞ்சும். ஸ்ப்ளிட் அண்மையில் நடந்து, ஒரு வருடத்துக்குள் விற்றால் குறுகியகால லாபமென்று 20 சதவீத வரி போட்டுவிடும். உங்கள் ஆடிட்டர் அனுப்பும் கணக்கில் வாங்கிய தேதி என்ற பத்தியை மட்டுமாவது ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். போனஸ் பங்குக்கு மட்டும் ஒதுக்கிய நாளிலிருந்து 12 மாதக் கணக்கு உண்மையாகவே உண்டு.

ரிட்டர்னில் Schedule 112A என்ற பகுதியில் இந்த இரண்டு குவியலையும் தனித்தனி வரியாக எழுத வேண்டும். 500 பழைய பங்கு 2018 ஜனவரி 31 அன்றோ அதற்கு முன்போ வாங்கியவை என்ற வகையில், விற்ற பங்கின் ஐஎஸ்ஐஎன் எண்ணோடும் ₹300 என்ற விலையோடும் போகும். போனஸ் 500 அதற்குப் பின் வாங்கியவை என்ற வகையில், அடக்கம் பூஜ்யமாகப் போகும். வருமானவரித் தளத்தில் தெரியும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வேறு அடக்க விலை இருந்தால் அதையே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கணக்கை எழுதி வைத்துக்கொண்டு சரியான எண்ணைப் போடலாம்.

கடலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கும் ஒன்று, 2015 வெள்ளத்தில் காண்ட்ராக்ட் நோட் எல்லாம் நனைந்து போய்விட்டது, இனி வாங்கிய விலையை எப்படிக் காட்டுவது என்பது. நம் உதாரணத்தையே பாருங்கள். ₹80 என்ற உண்மை விலை கடைசிக் கணக்கில் வரவே இல்லை, ₹300தான் வந்தது. 2018க்குள் நன்றாக ஏறியிருந்த பழைய பங்குகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆகவே தொலைந்த விலையைத் தேடி அலைவதை விட, அந்தப் பங்கு 2018 ஜனவரி 31க்கு முன்பே உங்களிடம் இருந்தது என்பதற்கான ஆதாரத்தைப் பிடியுங்கள். டீமேட் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்திடம் 2017–18 நிதியாண்டுக்கான பங்கு அறிக்கையையும், ஸ்ப்ளிட் நடந்த மாதத்தின் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். முதலாவது அந்தத் தேதிக்கு முன்பே பங்கு உங்களிடம் இருந்தது என்பதைச் சொல்லும், இரண்டாவது அந்த 100தான் இந்த 500 என்பதைச் சொல்லும்.