பச்சைத் துணியிலிருந்து ஆறடி தள்ளி நில்லுங்கள்

போன மாதம் வலங்கைமான் பக்கத்திலிருந்து இரண்டு தம்பிகள் ஒரு பென் டிரைவோடு வந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கல்லணையைப் பற்றிப் பேசும் ஒன்பது பாகங்கள். வீட்டு அறையில் பச்சைத் துணி கட்டி எடுத்திருந்தார்கள். மென்பொருளில் அந்தப் பச்சையை மட்டும் நீக்கி, அதாவது கீ செய்து, பின்னால் கல்லணை மதகுகளின் படம் வர வேண்டும். "அண்ணே, கீ பண்ணினா ஐயா வேட்டி ஓட்டை ஓட்டையாப் போகுது, பாருங்களேன்" என்றான் பெரியவன்.

திறந்து பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழெட்டு வருஷத்துக்கு முன் கும்பகோணத்தில் ஒரு பாட்டு வாத்தியாருக்கு நான் எடுத்துக் கொடுத்த பதினான்கு பாடங்களிலும் இதே கோளாறுதான். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து சரிசெய்யப் பார்த்தேன். முடியாமல் அவரை மறுபடி கூப்பிட்டு முழுவதையும் திரும்ப எடுத்தேன். அதனால் துணியைத் தேய்த்துக் கட்டுங்கள், சுருக்கம் வேண்டாம் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது முதல் நாளே தெரிந்துவிடும். படம் எடுத்து முடித்த பிறகுதான் தெரியவரும் தவறுகளைச் சொல்கிறேன்.

ஆளைத் துணியோடு ஒட்டி நிறுத்துவது

தம்பிகளின் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. பத்தடிச் சுவர் முழுக்கத் துணி, அது இறங்கித் தரையிலும் விரிந்திருந்தது. ஐயா துணிக்கு இரண்டடி முன்னால் நிற்கிறார். அவருக்கு ஐந்தடி தள்ளி ஒரே ஒரு சாஃப்ட்பாக்ஸ் விளக்கு. முகத்துக்கும் துணிக்கும் சேர்த்து அது ஒன்றுதான்.

இதில் மூன்று கேடுகள் ஒன்றாகச் சேருகின்றன. முதலில் நிழல். இரண்டடியில் நின்றால் அவருடைய நிழல் துணியில் அப்படியே விழும். அந்த இடம் கேமராவுக்குக் கரும்பச்சை. மற்ற இடம் இளம்பச்சை. மென்பொருளுக்கு அவை இரண்டு வெவ்வேறு நிறங்கள்.

இரண்டாவது, ஓரங்கள். விளக்கு நடுவில் இருப்பதால் துணியின் மையத்துக்கு ஏழடியிலிருந்து நேராக வெளிச்சம் போகிறது. ஐந்தடி பக்கவாட்டில் இருக்கும் ஓரத்துக்குத் தூரமும் கூடுதல், விழுவதும் சாய்வாக. கணக்குப் போட்டால் மையத்துக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறக்குறைய பாதிதான் ஓரத்துக்குப் போகிறது. இது கண்ணுக்குத் தெரியாது. நம் கண் சமாளித்துக்கொள்ளும், கேமரா சமாளிக்காது.

மூன்றாவதுதான் மோசமானது. வெளிச்சம் பட்ட பச்சைத் துணி தானே ஒரு பச்சை விளக்கு. இரண்டடியில் நிற்கும் ஆளின் தோள், காது, முடி ஓரமெல்லாம் அந்தப் பச்சையைத்தான் வாங்கும். இந்தக் கசிவை எடிட்டிங்காரர்கள் ஸ்பில் என்பார்கள். நம் ஊர் ஆட்களோ வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வெள்ளை எந்த நிறத்தையும் அப்படியே திருப்பிக் கொடுக்கும். தரையில் விரித்த துணி கீழிருந்து அடிக்க, ஐயாவின் வேட்டி முழங்காலுக்குக் கீழே உண்மையிலேயே பச்சையாகத்தான் இருந்தது. மென்பொருள் அதை ஓட்டை போட்டதில் தப்பே இல்லை, அதற்குச் சொன்ன வேலையைத்தான் செய்தது. பச்சையை நீக்கும் திருத்தத்தை ஏற்றிப் பார்த்தோம். ஓட்டை குறையவில்லை, வேட்டியின் மடிப்புகளில் கத்தரிப்பூச் சாயல் வந்ததுதான் மிச்சம்.

பரிகாரம் தூரம். ஆளுக்கும் துணிக்கும் நடுவே ஆறடி இருக்க வேண்டும். "சின்ன அறைண்ணே, ஆறடிக்கு எங்க போறது" என்றார்கள். நானும் அதே சாக்கைத்தான் அன்றைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவருக்கு இணையாகவே துணி கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்தால் பதினைந்தரை அடி வரும். ஒரு மூலையில் குறுக்காக ஆறடி அகலத்துக்குத் துணி கட்டினோம். மூலையிலிருந்து மூன்றடி அதற்குப் போயிற்று. அங்கிருந்து ஆறடியில் ஐயா. அவரிடமிருந்து ஐந்தரை அடியில் எதிர் மூலையில் போன். இடம் மிச்சமே இருந்தது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இப்படி வைத்தால் ஆறடித் துணி, ஆள் நிற்கும் இடத்தில் ஏறக்குறைய மூன்றடி அகலத்துக்குத்தான் பின்னணி கொடுக்கும். கையை அகல விரித்தால் துணிக்கு வெளியே போய்விடும். ஐயாவிடம் கையை எதுவரை நீட்டலாம் என்று முதலிலேயே காட்டி, அவர் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டினோம். துணிக்கு வெளியே தெரியும் சுவரும் ஜன்னலும் ஒரு பொருட்டே இல்லை. எடிட்டிங்கில் மாஸ்க் போட்டு வெட்டிவிடலாம். ஆளும் கையும் போகும் இடத்துக்குப் பின்னால் மட்டும் பச்சை இருந்தால் போதும். துணி பெரிதாகப் பெரிதாகக் கசிவும் கூடும். இடுப்புக்கு மேல்தான் படம் என்றால் தரையில் துணியே விரிக்காதீர்கள்.

பழைய வீடு இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கூடத்தின் கோடியில் துணியைக் கட்டிவிட்டு, ரேழியிலிருந்து எடுக்கலாம். ஆனால் முற்றத்து வெயில் நடுவில் புகுந்து கெடுக்கும். மேகம் ஒன்று கடந்தால் துணியின் பச்சையே மாறிவிடும். முற்றத்துக்குப் படுதா போடுங்கள், இல்லையென்றால் விளக்கு வைத்த பிறகு எடுங்கள்.

துணிக்குத் தனி விளக்கு வைக்காதது

ஆறடி தள்ளியதும் முகத்துக்கு வைத்த விளக்கு துணிக்குப் போதாது. போதக் கூடாது, அதுதான் நல்லது. துணிக்கு என்று இரண்டு நாலடி எல்இடி பட்டி விளக்குகள், 20 வாட், ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை. துணியின் இடமும் வலமும், மூன்றடி முன்னால், செங்குத்தாக நிறுத்தினோம். இடது விளக்கு துணியின் வலது பாதியைப் பார்க்க வேண்டும், வலது விளக்கு இடது பாதியை. பக்கத்திலிருக்கும் ஓரத்தையே நேராகப் பார்க்க வைத்தால் இரு ஓரமும் வெளுத்து நடு இருட்டாகும். விளக்குக்கும் ஆளுக்கும் நடுவே அட்டை ஒன்றை நிறுத்துங்கள், முதுகில் வெளிச்சம் படாமல்.

துணி எவ்வளவு பளீரென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறார்கள். இல்லை. முகத்தின் வெளிச்சத்துக்குச் சமமாகவோ ஒரு படி குறைவாகவோ இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் பச்சை வெளுக்கும், கசிவும் கூடும்.

சமமாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஆளில்லாமல் துணியை மட்டும் போனில் வைத்துக்கொண்டு எக்ஸ்போஷரை மெதுவாகக் குறைத்துக்கொண்டே போங்கள். துணி முழுவதும் ஒன்றாக இருட்டினால் சரி. ஒரு மூலை மட்டும் முந்திக்கொண்டு கறுத்தால் அங்கே வெளிச்சம் குறைவு. தம்பிகள் வீட்டில் இடது கீழ் மூலை கறுத்தது. விளக்கை அரை அடி இறக்கினோம், சரியாயிற்று.

போனைத் தானாக இயங்க விடுவது

ஆள் கையை ஆட்டினால்கூட போன் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் மாற்றிக்கொண்டே இருக்கும். முதல் நிமிடத்துக்குப் பொருந்திய கீ மூன்றாம் நிமிடத்தில் பொருந்தாது. இரண்டையும் பூட்டுங்கள். Blackmagic Camera போன்ற ஒரு செயலியில் ஷட்டரையும் கையால் வைக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கும். அதனால் 25 பிரேம், ஷட்டர் 1/100. விளக்கு வரிவரியாக ஓடாது, ஆடும் விரலின் ஓரமும் கொஞ்சம் கூர்மையாக விழும்.

கடைசியில் 1080இல்தான் போடப்போகிறீர்கள் என்றாலும் 4கேயில் எடுங்கள். போன் வீடியோவில் நிறத் தகவல் நாலு புள்ளிக்கு ஒன்றுதான் பதிவாகிறது. முடி ஓரம் படிக்கட்டு போல வருவது அதனால்தான்.

ஓடும் மின்விசிறி

நிறுத்துங்கள். துணி அசைந்தால் வெளிச்சமும் அசையும்.

நாற்று, வாழையிலை, பச்சைக்கரைப் புடவை

நீலத் துணி கட்டுங்கள்.

குத்துவிளக்கு

நாச்சியார்கோவில் விளக்கைப் பச்சைக்கு முன் வைத்து எடுத்துத் தரச் சொல்லி வருகிறார்கள். பளபளக்கும் பித்தளை வளைவின் ஓரம் எப்போதும் தனக்குப் பின்னால் இருப்பதைத்தான் காட்டும். அதாவது துணியைத்தான். இங்கே ஆறடி இல்லை, பத்தடி போனாலும் ஓரத்தில் பச்சைக் கோடு நிற்கும். விளக்கைக் கறுப்புத் துணிக்கு முன் வைத்து எடுங்கள், அல்லது கடையிலேயே எடுத்துவிடுங்கள். இதற்குப் பச்சைத் துணி தோதுப்படாது.

நிறம் தெரியும் படத்தைப் பார்த்துக்கொண்டே கீ செய்வது

கல்லணைப் படத்தைப் பின்னால் போட்டுவிட்டு, சறுக்குக் கட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் பின்னணியின் கூட்டத்தில் குறை மறைந்துவிடும். முதலில் மாஸ்க் போட்டு வேண்டாத ஓரங்களை வெட்டுங்கள். பச்சையை மூலையிலிருந்து எடுக்காதீர்கள், முடிக்குப் பக்கத்திலிருந்து எடுங்கள். அப்புறம் கறுப்பு வெள்ளைத் தோற்றத்துக்குப் போங்கள். டாவின்சி ரிசால்வில் Delta Keyer வைத்திருந்தால் அதில் Matte என்ற பார்வை இருக்கிறது. துணி கறுப்பாகவும் ஆள் வெள்ளையாகவும் தெரிவார்கள்.

கறுப்பில் தூசு போல மின்னும் புள்ளிகள் மறையும் வரை மட்டும் ஏற்றுங்கள், அதோடு நிறுத்துங்கள். வெள்ளைக்குள் தெரியும் ஓட்டைகளுக்காகத் திருகிக்கொண்டே போகாதீர்கள். போனால் முடி ஓரத்தில் இருக்கும் சாம்பல் நிறம் போய்விடும், தலை கத்தரியால் வெட்டி ஒட்டியது போலாகும். சட்டையில் ஓட்டை இருந்தால், உடம்புக்கு உள்ளே மட்டும் இன்னொரு மாஸ்க் வரைந்து அதை அடையுங்கள். பச்சைச் சாயலை நீக்குவது அதற்குப் பிறகு. எல்லாம் முடிந்ததும் பின்னால் வெறும் சிவப்பு நிறத்தைப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மிச்சமிருக்கும் பச்சை அதில் ஒளிந்துகொள்ளவே முடியாது.

பழைய ஒன்பது பாகங்களில் எதையும் காப்பாற்ற முடியவில்லை. ஐயா மறுபடியும் வந்து நின்றார், இரண்டு சாயங்காலங்களில் முடித்தோம். இந்த முறை முதல் பாகத்துக்குக் கீ செய்யப் பத்து நிமிடம்தான் ஆயிற்று, மற்றவற்றுக்கு அதையே ஒட்டினோம். தோளில் கிடந்த துண்டின் குஞ்சத்தில் மட்டும் லேசாகப் பச்சை நிற்கிறது. அடுத்த தொடருக்குக் குஞ்சமில்லாத துண்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.