கல்லாவில் பணம் குறைந்தபோது: என் அனுபவம்

மண்டபம் என்ற கடலோர ஊரில் உள்ள எங்கள் மளிகைக் கடையில், படகுகள் கடலுக்குப் புறப்படும் நாள்களில் இரவுக் கணக்கு பார்க்கும்போதெல்லாம் பணம் குறைந்தது. இரண்டு பையன்கள் ஒரே கல்லாவைப் புழங்கியதால் யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. ஆகவே ஆளுக்கொரு பெட்டியும் சில்லறையாக 2,000 ரூபாயும் கொடுத்து, ஆள் மாறும்போது இருவருமாக எண்ணிக் கையொப்பமிடச் செய்தேன்.

முதல் வாரத்திலேயே ஒரு பெட்டியில் 240 ரூபாய் குறைந்தது. ரொக்கப் பில்கள் 18,450, சில்லறையைச் சேர்த்து, ஐஸ்காரருக்குக் கொடுத்த 600-ஐக் கழித்தால் 19,850 இருக்க வேண்டும், இருந்ததோ 19,610. வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டபோது, செல்போனில் வந்த 240 ரூபாய் ரொக்கமாகப் பதிவாகியிருந்தது தெரிந்தது. அந்தப் பையனைச் சந்தேகித்துப் பேசாமல் இருந்தது நல்லதாயிற்று.

ரத்து செய்யப்படும் பில்கள் இதைவிடச் சிக்கலானவை. பணத்தை எடுத்துக்கொண்டு பில்லை ரத்து செய்தால், பெட்டிக் கணக்கு சரியாகவே இருக்கும், சரக்குதான் குறையும். அதனால் ரத்துக்கு வாடிக்கையாளரின் அசல் பில்லும் என் கையொப்பமும் வேண்டும் என்றாக்கினேன். எண்ணெய், பால்பவுடர், சிகரெட் ஆகிய மூன்றை மட்டும் தினமும் இரவில் எண்ணி விற்பனையோடு ஒப்பிடுகிறேன். பில் போடாமலே கைமாறும் பொருளும் இந்த எண்ணிக்கையில்தான் பிடிபடுகிறது.